எட்டு மாதம் இழுக்கும் விற்பனையில் விளம்பரத்தின் பங்கைக் கணக்கெடுப்பது எப்படி?

திருகோணமலையில் நிறுவனங்களுக்குப் பொருள் விற்பவர்களின் காலக்கணக்கு பெரும்பாலும் கடலையும் மழையையும் ஒட்டித்தான் ஓடும். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை சீசன். ஒக்டோபரில் கை ஓய்ந்த பிறகுதான் அடுத்த ஆண்டுக்கு என்ன மாற்ற வேண்டும் என்று யோசிப்பார்கள். நவம்பர், டிசம்பர் மழையில் பேச்சு தணிந்துவிடும். ஜனவரியில் கணக்காளர் விலையைக் கேட்பார், பெப்ரவரியில் லீசிங் பேச்சு நடக்கும், மார்ச்சில் முற்பணம் வரும். ஏப்ரலுக்குள் பொருள் பூட்டி முடித்திருக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி குளிர் அறை விற்கும் ஒரு சிறிய நிறுவனத்தை மனதில் வைத்து எழுதியது. ஜெனரேட்டர், ஐஸ் இயந்திரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொகுதி விற்பவர்களுக்கும் இது பொருந்தும். இவர்கள் எல்லோருக்கும் ஒரே சிக்கல்தான். விளம்பரச் செலவு ஒக்டோபரில் போகிறது, பணம் மார்ச்சிலோ, எட்டு மாதம் வரை இழுத்து அதற்குப் பிறகோ வருகிறது. இடையில் அந்த ஹோட்டலில் நான்கைந்து பேர் விளம்பரத்தைப் பார்த்திருப்பார்கள், நம்மோடு கதைத்திருப்பார்கள். அதில் ஒருவர்கூட இணையத்தில் 'வாங்கு' பொத்தானை அழுத்தியிருக்க மாட்டார். "விளம்பரத்தால் என்ன வந்தது?" என்று முதலாளி கேட்டால் பதில் சொல்ல, ஒரு கூகுள் ஷீட்டும் முன்கூட்டியே எழுதி வைத்த சில விதிகளும் போதும்.

முதலில் இரண்டு சொற்கள். பைப்லைன் என்றால் இன்னும் முடியாமல் பேச்சில் இருக்கும் டீல்களின் மொத்தப் பெறுமதி. அதில், வாங்கப்போகும் நிறுவனத்தின் ஆட்கள் நம் விளம்பரத்தோடு உண்மையாகத் தொடர்புபட்ட டீல்களின் பெறுமதியை 'இன்ஃபுளுவன்ஸ்ட் பைப்லைன்' என்பார்கள். இங்கே அதை 'விளம்பரம் தொட்ட பைப்லைன்' என்று எழுதுகிறேன். தொட்டது என்றால் கொண்டுவந்தது என்று அர்த்தமில்லை. இந்த வேறுபாட்டைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் நடக்கும் பொய்க்கணக்குகளில் பெரும்பாலானவை இதை மறைப்பதில்தான் தொடங்குகின்றன.

விளம்பரத் தளங்களின் சொந்தக் கணக்கு ஏன் போதாது

கூகுள் விளம்பரத்தில் ஒருவர் கிளிக் செய்து, பிறகு வாங்கினால், இடைவெளி அதிகபட்சம் 90 நாளாக இருந்தால்தான் அந்த வாங்கலைக் கிளிக்கோடு சேர்த்துக் காட்டும். நாம் எதையும் மாற்றாவிட்டால் அந்தக் கால எல்லை 30 நாள்தான். கடையில் நடந்த விற்பனையைப் பின்னர் நாமே பதிவேற்றினாலும் அதே 90 நாள் எல்லை பொருந்தும். ஒக்டோபர் 12 கிளிக்குக்கும் மார்ச் 3 முற்பணத்துக்கும் இடையில் 142 நாள். கூகுளைப் பொறுத்தவரை அந்தக் கிளிக் வீண்.

இணையத்தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 இன் நிலையும் இதுதான். எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியில் ஒரு பயனரின் பழைய வரலாற்றைத் தோண்டிப் பார்க்கலாம், ஆனால் அந்தத் தரவு இயல்பாக 2 மாதம்தான் இருக்கும். இலவசக் கணக்கிலேயே அதை 14 மாதமாக மாற்ற முடியும். இன்றே அமைப்புகளுக்குள் போய் மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே அழிந்த தரவு திரும்பி வராது. ஐபோனில் சஃபாரி பாவிப்பவர்கள் விடயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வந்தவரை அடையாளம் காண இணையப்பக்கத்தின் ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கியை சஃபாரி 7 நாளில் அழித்துவிடும். இரண்டு வாரம் கழித்து அதே முகாமையாளர் திரும்பி வந்தால் புது ஆளாகத்தான் எண்ணப்படுவார்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று. இந்தக் கருவிகள் எல்லாம் ஆளை எண்ணுகின்றன, ஆனால் நம்மிடம் வாங்குவது ஒரு நிறுவனம். ஹோட்டல் முகாமையாளர் விளம்பரத்தைப் பார்க்கிறார், சமையல் தலைவர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார், கொழும்பில் இருக்கும் கணக்காளர் விலையைப் பார்க்கிறார், முதலாளி கையெழுத்து வைக்கிறார். கருவியில் இவர்கள் தொடர்பில்லாத நான்கு பேர். ஆகவே இவர்களை ஒரே நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவருவதுதான் முதல் வேலை.

படி 1: நிறுவனப் பட்டியல்

யாருக்கு விற்க முடியும் என்று உங்களுக்குத் தெரிந்த நிறுவனங்களை ஒரு ஷீட்டில் எழுதுங்கள். திருகோணமலை மாவட்டத்துக்கு 60 பெயர் வந்தாலே நல்ல பட்டியல். கடற்கரை ஹோட்டல்கள், மீன் கொள்வனவு செய்து வெளியூருக்கு அனுப்புபவர்கள், ஐஸ் பெக்டரிகள், மொத்தமாக இறைச்சியும் பாற்பொருளும் விற்பவர்கள் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் H07, M12 போல ஒரு குறியீடு கொடுங்கள். இனி எங்கும் பெயர் வேண்டாம், குறியீடுதான். ஒரே ஹோட்டலை மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் பிறகு எந்தச் சூத்திரமும் அதைச் சேர்த்துத் தராது.

ஒவ்வொரு வரியிலும் நிறுவனத்தின் இணைய முகவரி, தெரிந்த ஆட்களின் தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல், அவர் என்ன பதவி என்பவற்றையும் எழுதுங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகளில் மின்னஞ்சலின் பின்பகுதியை வைத்து நிறுவனத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். வாடிக்கையாளர் விபரம் வைக்கும் பல சிஆர்எம் மென்பொருட்களும் அதைத் தானாகவே செய்யும். நம் ஊரில் அது பாதி வேலையைக்கூடச் செய்யாது. மீன் வியாபாரிகள் பெரும்பாலும் ஜிமெயிலில்தான் எழுதுவார்கள், ஹோட்டல் முகாமையாளர்களும் சொந்தக் கைபேசியிலிருந்துதான் கதைப்பார்கள். அதனால் இங்கே நிறுவனத்தைக் காட்டிக்கொடுப்பது தொலைபேசி இலக்கம்தான். அதைத் தனிக் கொலமாக வையுங்கள்.

இணையத்தளத்துக்கு வருபவரின் ஐபி முகவரியை வைத்து நிறுவனப் பெயர் சொல்லும் சேவைகளும் விற்பனைக்கு உண்டு. அவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். கைபேசி டேட்டாவிலிருந்தோ வீட்டு இணைப்பிலிருந்தோ வருபவருக்கு அந்தச் சேவை இணைப்பு வழங்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயரைத்தான் காட்டும். தனக்கென நிலையான ஐபி வைத்திருக்கும் பெரிய அலுவலகங்களுக்கே அது உதவும்.

தலைமை அலுவலகம் கொழும்பில் இருக்கும் ஹோட்டல்களை முதலிலேயே அடையாளமிட்டு வையுங்கள். லிங்க்ட்இன் பெரும்பாலும் அந்தக் குழுமம் முழுவதையும் ஒரே நிறுவனமாகக் காட்டும். குழுமத்தின் வேறொரு கிளையில் வேலை செய்பவர் செய்த கிளிக்கும் அதில் கலந்திருக்கும். அப்படியான நிறுவனங்களில் லிங்க்ட்இன் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

ஆட்களின் விபரத்தைச் சேர்ப்பதால், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொழில் தொடர்புக்குத் தேவையானதைத் தவிர வேறு எதையும் எழுதாதீர்கள். ஷீட்டை எல்லோருக்கும் திறந்து வைக்காதீர்கள்.

படி 2: தொடர்பு வரும் வழிகளுக்கு அடையாளம்

வருபவர் எந்த விளம்பரம் வழியாக வந்தார் என்று தெரிய, ஒவ்வொரு விளம்பர இணைப்பின் பின்னாலும் இப்படி ஒரு வால் இருக்க வேண்டும்:

```
?utm_source=linkedin&utm_medium=paid&utm_campaign=coldroom-oct&utm_content=fuel-cost
```

எல்லாம் சிறிய எழுத்தில். `LinkedIn` என்று ஒருமுறையும் `linkedin` என்று இன்னொருமுறையும் எழுதினால் அறிக்கையில் இரண்டு வழிகளாகப் பிரிந்து நிற்கும்.

ஆனால் திருகோணமலையில் உண்மையான விசாரணை வருவது வாட்ஸ்அப்பில்தான். விளம்பரத்திலும் இணையப்பக்கத்திலும் வெறும் இலக்கத்தைப் போட்டால் யார் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. இலக்கத்துக்குப் பதிலாக, முன்கூட்டியே எழுதிய செய்தியோடு திறக்கும் இணைப்பைப் போடுங்கள்:

```
https://wa.me/94XXXXXXXXX?text=F2%20குளிர்%20அறை%20விபரம்%20வேண்டும்
```

`F2` என்பது அந்த விளம்பரத்தின் குறியீடு. பேஸ்புக்கில் போட்ட இரண்டாவது விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி வந்தவுடன் குறியீட்டைப் பார்த்து ஷீட்டில் எழுதலாம். சிலர் அதை அழித்துவிட்டு "வணக்கம், விலை என்ன?" என்று மட்டும் அனுப்புவார்கள். அவர்களிடம் "எங்க பாத்தீங்க ஐயா?" என்று கேட்டு எழுதுங்கள். கேட்க மறந்தால் 'தெரியாது' என்றே எழுதுங்கள். ஊகித்து எதையும் நிரப்பக் கூடாது.

லிங்க்ட்இனில் நிறுவனப் பட்டியலைப் பதிவேற்றி அவற்றின் ஊழியர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டலாம். அதன் விளம்பரங்களை நிர்வகிக்கும் பக்கமான கேம்பெயின் மேனேஜரில் எந்த நிறுவனம் எவ்வளவு பார்த்தது, எவ்வளவு கிளிக் செய்தது என்றும் பார்க்கலாம். ஆளின் பெயரை மட்டும் அது தராது. ஆள் யார் என்று தெரிய வேண்டுமானால் அவரே படிவம் நிரப்ப வேண்டும், அல்லது நமக்கு எழுத வேண்டும்.

அங்கே நம் ஊர்க்காரர் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. பொருந்திய ஆட்கள் 300 பேராவது இல்லாவிட்டால் லிங்க்ட்இன் விளம்பரத்தை ஓடவிடாது. திருகோணமலையின் 40 நிறுவனங்களைப் பதிவேற்றி, அதற்கு மேல் 'முகாமையாளர் பதவி' என்று வடிகட்டினால் பெரும்பாலும் 300க்குக் கீழே போய்விடும். பதவி வடிகட்டியை எடுத்துவிடுங்கள். அதுவும் போதாவிட்டால் மட்டக்களப்பு, பாசிக்குடா ஹோட்டல்களையும் பட்டியலில் சேருங்கள். ஐஸ் பெக்டரிக்காரரும் மீன் வியாபாரிகளும் லிங்க்ட்இனில் இருப்பது குறைவு. அவர்களுக்குப் பேஸ்புக்தான் வழி. பேஸ்புக் நிறுவனப் பெயர் எதையும் காட்டாது, அதனால் அவர்கள் விடயத்தில் வாட்ஸ்அப் குறியீடு ஒன்றுதான் தடயம்.

படி 3: தொடர்புப் பதிவேடு

இரண்டாவது ஷீட்டுக்கு `touch` என்று பெயர் வையுங்கள். ஒரு தொடர்புக்கு ஒரு வரி. A கொலத்தில் திகதி, B இல் நிறுவனக் குறியீடு, C இல் ஆள், D இல் வழி, E இல் என்ன செய்தார், F இல் புள்ளி. லிங்க்ட்இன் நிறுவன அறிக்கையைத் திங்கட்கிழமைதோறும் கடந்த 7 நாளுக்கு எடுத்து, கிளிக் இருந்த நிறுவனங்களை மட்டும் சேருங்கள். அந்த வரிகளில் ஆள் கொலம் வெறுமையாக இருக்கட்டும்.

புள்ளி எப்படிப் போடுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கும். நான் சொல்வது எளிய அளவு. விளம்பரம் கண்ணில் பட்டதற்கு 0. கிளிக் 1. பெயர் கொடுத்துப் படிவம் நிரப்பினால் 5, குறியீட்டோடு வாட்ஸ்அப் செய்தி வந்தாலும் 5, விலைத்தாளையோ லீசிங் கணக்குத்தாளையோ கேட்டு வாங்கினாலும் 5. கண்ணில் பட்டதற்கு 0 என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 60 நிறுவனங்களுக்கு மாதக்கணக்கில் விளம்பரம் ஓடினால் எல்லா நிறுவனத்திலும் யாரோ ஒருவர் கண்ணில் அது பட்டிருக்கும். அதை எண்ணத் தொடங்கினால் பைப்லைன் முழுவதும் 'விளம்பரம் தொட்டது' ஆகிவிடும், அந்த எண்ணுக்கு எந்தப் பயனும் இருக்காது.

நம் விற்பனையாளர் போய்ச் சந்தித்தது, அழைத்துக் கதைத்தது எதுவும் இந்தப் பதிவேட்டில் வராது. அது விற்பனையாளரின் உழைப்பு. நம் ஊழியர்களும் போட்டிக் கடைக்காரர்களும் செய்யும் கிளிக்குகளையும் நீக்கிவிடுங்கள்.

படி 4: டீல் ஷீட்டும் விதியும்

மூன்றாவது ஷீட் `deals`. A இல் டீல் இலக்கம், B இல் நிறுவனக் குறியீடு, C இல் டீல் திறந்த திகதி, D இல் பெறுமதி, E இல் நிலை, F இல் முடிந்த திகதி. இன்னும் பேச்சில் இருக்கும் டீலின் நிலையை `open` என்றே எழுதுங்கள். 'திறந்த திகதி' என்றால் என்ன என்பதை ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். விற்பனையாளர் இடத்தைப் போய்ப் பார்த்து, அளவும் ஏறத்தாழப் பெறுமதியும் தெரிந்த நாள் என்பது நல்ல வரையறை. விசாரணை வந்த நாளையே டீல் திறந்த நாளாக எழுதினால், டீலுக்கு முன் விளம்பரம் என்ன செய்தது என்று பிறகு பார்க்க முடியாமல் போய்விடும்.

இப்போது விதி. டீல் திறந்த நாளுக்கு முந்தைய 90 நாளுக்குள், அந்த நிறுவனத்திலிருந்து குறைந்தது 10 புள்ளியும், பெயர் தெரிந்த இரண்டு பேராவதும் இருந்தால் அந்த டீல் 'தொடக்கத்தில் தொட்டது'. ஒரே ஆள் பத்துமுறை வந்தால் அது ஆர்வம் மட்டும்தான். இரண்டாவது ஆள் வந்தால்தான் அந்த நிறுவனத்துக்குள் பேச்சு நடக்கிறது என்று நம்பலாம்.

`deals` ஷீட்டின் G கொலத்தில் புள்ளி:

```
=SUMIFS(touch!F:F, touch!B:B, B2, touch!A:A, ">="&C2-90, touch!A:A, "<"&C2)
```

H கொலத்தில் ஆட்களின் எண்ணிக்கை:

```
=COUNTUNIQUEIFS(touch!C:C, touch!B:B, B2, touch!C:C, "<>", touch!A:A, ">="&C2-90, touch!A:A, "<"&C2)
```

I கொலத்தில் தீர்ப்பு:

```
=IF(AND(G2>=10, H2>=2), 1, 0)
```

இன்னும் பேச்சில் இருக்கும் டீல்களில் விளம்பரம் தொட்ட பைப்லைன்:

```
=SUMIFS(deals!D:D, deals!I:I, 1, deals!E:E, "open")
```

டீல் திறந்த பிறகு வந்த தொடர்புகளைத் தனியாக வையுங்கள். அவற்றை 'நடுவில் தொட்டது' என்று சொல்லலாம். அவற்றுக்கும் மதிப்புண்டு, தூங்கிய டீலை எழுப்பியிருக்கலாம். ஆனால் இரண்டையும் கலந்தால் ஒரு குழப்பம் வரும். விற்பனையாளர் ஏற்கெனவே கதைத்துக்கொண்டிருக்கும் நிறுவனத்தின் ஆட்கள் நம் பெயரைத் தேடுவார்கள், விளம்பரத்தையும் கிளிக் செய்வார்கள். அங்கே விற்பனைப் பேச்சுத்தான் கிளிக்கைக் கொண்டுவந்தது. கலந்து எழுதினால் அது தலைகீழாகத் தெரியும்.

இந்த விதிகளை விற்பனைப் பிரிவோடு உட்கார்ந்து, முதல் ரூபாயைச் செலவழிக்கும் முன்பே எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்ட திகதியையும் போட்டு வையுங்கள். ஏனென்றால் இப்படி ஒரு பேச்சு கட்டாயம் வரும்: "தம்பி, அந்த ஹோட்டல் நான் மூன்று வருசமாப் போய் வாற இடம். அத உங்கட விளம்பரக் கணக்கில எழுதாதீங்க." அவர் சொல்வதும் நியாயம்தான். அந்த நேரத்தில் "அண்ணன், தொட்டது எண்டுதான் எழுதுறம். கொண்டுவந்தது நீங்கதான், அது உங்கட பேரிலதான் இருக்கு" என்று விதியைக் காட்டிச் சொல்ல முடிய வேண்டும். யார் கொண்டுவந்தது என்பதற்கு ஒரு தனிக் கொலம் வையுங்கள். சண்டை பாதி குறையும்.

ஒரு டீலை முழுவதுமாகப் பார்ப்போம்

கணக்கு விளங்குவதற்காக ஒரு மாதிரி. நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல், குறியீடு H07. மீனும் இறைச்சியும் வைக்க ஒரு குளிர் அறை வேண்டும். நம் விளம்பரத்தின் பேச்சு 'மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் எரிபொருள் எவ்வளவு குடிக்கும்' என்பது.

ஒக்டோபர் 12 இல் முடிந்த வாரத்தின் லிங்க்ட்இன் அறிக்கையில் H07 இல் இருந்து 2 கிளிக். ஆள் தெரியாது. 2 புள்ளி. ஒக்டோபர் 16 இல் முகாமையாளர் எரிபொருள் கணக்குத்தாளுக்காகப் படிவம் நிரப்புகிறார், 5 புள்ளி. ஒக்டோபர் 20 இல் வாட்ஸ்அப்பில் `F2` குறியீட்டோடு ஒரு செய்தி வருகிறது: "இறைச்சிக்கும் மீனுக்கும் ரெண்டு அறை தனியா வேணுமா, ஒண்டையே பிரிக்கலாமா?" இலக்கத்தைத் தேடிப் பார்த்தால் அதே ஹோட்டலின் சமையல் தலைவர். 5 புள்ளி. நவம்பர் 6 இல் விற்பனையாளர் போய் அளவெடுத்து 45 இலட்சம் ரூபாய்க்கு டீல் திறக்கிறார்.

90 நாளுக்குள் 12 புள்ளி, பெயர் தெரிந்தவர் இரண்டு பேர். விதிப்படி இது தொடக்கத்தில் தொட்ட டீல். 45 இலட்சம் பைப்லைனில் ஏறுகிறது.

பிறகு மழை. டிசம்பர் முழுவதும் ஒரு வரியும் இல்லை. ஜனவரி 9 இல் மின்னஞ்சலில் போன இணைப்பு வழியாக விலைத்தாளை ஒருவர் கேட்டு வாங்குகிறார். முகவரியைப் பார்த்தால் கொழும்பு அலுவலகத்துக் கணக்காளர். ஜனவரி 22 இல் அவரே லீசிங் கணக்குத்தாளையும் எடுக்கிறார். இதைக் கண்டவுடனே விற்பனையாளருக்குச் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு கணக்காளர் வந்து காசுப் பக்கத்தைப் பார்த்தால், முடிவெடுக்கும் மேசைக்குத் தாள் போய்விட்டது என்று பொருள். இந்த ஒரு தகவலுக்காகவே இந்தப் பதிவேட்டை வைத்திருக்கலாம். ஆண்டு முடிவில் அறிக்கை எழுதுவதைவிட, வெள்ளிக்கிழமை மாலை "H07 இல் கணக்காளர் வந்திருக்கிறார், திங்கள் அழையுங்கள்" என்று சொல்வது அதிக காசு தரும்.

பெப்ரவரி 10 இல் ஒரு அறையையே பிரித்துப் போடுவதாக முடிவாகி, பெறுமதி 38 இலட்சமாகக் குறைகிறது. மார்ச் 3 இல் முற்பணம்.

இதே டீலைக் கூகுள் அனலிட்டிக்ஸில் தேடினால் கடைசியாக வந்த மின்னஞ்சல்தான் தெரியும். ஒக்டோபரில் நடந்த எதுவும் அந்த அறிக்கையில் இருக்காது.

பெறுமதி 45 இலிருந்து 38 ஆனதைக் கவனியுங்கள். பழைய எண்ணை அழித்து எழுதினால், நவம்பரில் முதலாளிக்குக் காட்டிய பைப்லைன் ஏன் இப்போது வேறாக இருக்கிறது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. அதனால் மாதத்தின் முதல் நாள் `deals` ஷீட்டை அப்படியே நகலெடுத்து, சூத்திரங்களை வெறும் எண்ணாக மாற்றி, திகதியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். அந்த நகலில் பிறகு கை வைக்கக் கூடாது.

எண் ஊதிப் போகும் இடங்கள்

H07 டீலை லிங்க்ட்இன் தொட்டது, பேஸ்புக் வாட்ஸ்அப் தொட்டது, பிறகு மின்னஞ்சலும் தொட்டது. வழிவாரியாக அறிக்கை போட்டால் மூன்றின் கீழும் 38 இலட்சம் வரும். கூட்டினால் 1 கோடி 14 இலட்சம். வந்தது 38 இலட்சம்தான். வழிவாரியாகக் காட்டலாம், ஆனால் அடியில் கூட்டுத்தொகை போடக் கூடாது. மொத்தத்தை எப்போதும் டீல்களை எண்ணி எடுங்கள், தொடர்புகளை எண்ணி எடுக்காதீர்கள். மேலே தந்த சூத்திரம் அப்படித்தான் செய்கிறது.

இன்னொன்று, கால எல்லையை நீட்டும் ஆசை. 90 நாளை 365 ஆக்கினால் தொட்ட பைப்லைன் உடனே ஏறும். விற்பனை எட்டு மாதம் இழுப்பதால் எல்லையும் எட்டு மாதம் வேண்டும் என்று ஒருவர் வாதிடுவார். அது சரியல்ல. இந்த 90 நாள் டீல் திறக்கும் முன் உள்ள காலத்துக்கு மட்டும்தான். எட்டு மாதத்தில் பெரும்பகுதி டீல் திறந்த பிறகு ஓடுகிறது, அது தனியாக எழுதப்படுகிறது. உங்கள் தொழிலில் முதல் விசாரணைக்கும் இடம் பார்க்கப் போகும் நாளுக்கும் இடையில் வழக்கமாக எத்தனை நாள் என்று பழைய டீல்களில் பாருங்கள். அதைவிடக் கொஞ்சம் நீளமாக எல்லையை வையுங்கள். வைத்த பிறகு ஒரு ஆண்டுக்கு மாற்றாதீர்கள்.

தொட்ட பைப்லைன் மொத்தத்தில் எண்பது, தொண்ணூறு வீதம் என்று வந்தால் சந்தோசப்பட வேண்டாம். உங்கள் விதி மிகத் தளர்வாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. தளர்வு எங்கே என்று கண்டுபிடிக்க, தோற்ற டீல்களை எடுத்துப் பாருங்கள். வென்றதிலும் தோற்றதிலும் தொட்டவற்றின் வீதம் ஒரே அளவாக இருந்தால், உங்கள் புள்ளி முறை எதையும் பிரித்துக் காட்டவில்லை.

விளம்பரம் காட்டாத நிறுவனங்கள்

விளம்பரம் இல்லாமலே இவை வந்திருக்குமா? இந்தக் கேள்விக்குத் தொட்ட பைப்லைன் ஒருபோதும் பதில் சொல்லாது. பதிலுக்கு அருகிலாவது போக ஒரு வழி இருக்கிறது. தொடங்கும் முன்பே 60 நிறுவனங்களில் 20 ஐச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அவற்றுக்கு விளம்பரம் காட்டாமல் விடுங்கள். ஷீட்டில் `=RAND()` போட்டு வரிசைப்படுத்தினால் போதும். லிங்க்ட்இனில் பதிவேற்றும் பட்டியலில் அந்த 20 ஐச் சேர்க்காமல் விட்டுவிடலாம். விற்பனையாளர் வழக்கம்போல எல்லா 60 க்கும் போகட்டும். எது எந்தப் பக்கம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேஸ்புக்கில் நிறுவனவாரியாக இப்படி விலக்க முடியாது, ஆகவே லிங்க்ட்இனில் இருக்கும் ஹோட்டல்கள் போன்றவற்றுக்கு மட்டுமே இந்த ஒப்பீடு செல்லும். அந்த ஹோட்டல்காரர்கள் பேஸ்புக் விளம்பரத்தையும் காணக்கூடும் என்பதால் ஒப்பீடு கொஞ்சம் மங்கும்.

நான்கு மாதம் கழித்து, விளம்பரம் கண்ட 40 இல் 10 நிறுவனம் சந்திப்புக்கு ஒப்புக்கொண்டன, காணாத 20 இல் 4 என்று வைத்துக்கொள்வோம். 25 வீதம், 20 வீதம். ஐந்து வீதம் கூடுதல் என்று எழுதத் தோன்றும். ஆனால் காணாத பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு ஹோட்டல் சம்மதித்திருந்தால் அங்கும் 25 வீதம்தான். ஒரு முகாமையாளரின் மனநிலையில் தங்கியிருக்கும் வித்தியாசத்தை வெற்றி என்று எழுதக் கூடாது. 40 இல் 20 ம், 20 இல் 3 ம் என்று வந்தால் கதையே வேறு. சின்னப் பட்டியலில் பெரிய வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள். விற்பனை முடிவதை வைத்து ஒப்பிட முயலாதீர்கள், அந்த எண் இன்னும் சிறியதாக இருக்கும். சந்திப்புகளையும் திறந்த டீல்களையும் வைத்துப் பாருங்கள்.

எந்த மாதத்தில் எதைக் காட்டுவது

ஒக்டோபரில் தொடங்கினால், டிசம்பர் வரை முதலாளிக்குக் காட்ட வேண்டியது ஒன்றுதான். கடந்த 90 நாளில் குறைந்தது 10 புள்ளி எடுத்த நிறுவனங்கள் எத்தனை, அவற்றில் பெயர் தெரிந்த இரண்டு பேராவது வந்தவை எத்தனை. அந்த நேரத்தில் ரூபாய்க் கணக்குக் கேட்டால், இன்னும் வரவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை திறந்த டீல்களும் தொட்ட பைப்லைனும். வென்ற தொகையை ஏப்ரலுக்குப் பிறகுதான் பேச வேண்டும். இந்த ஒழுங்கைத் தொடக்கத்திலேயே முதலாளியிடம் ஒப்புக்கொள்ள வைக்காவிட்டால், டிசம்பர் மழையில் எல்லாம் ஓய்ந்திருக்கும்போது விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிவிடுவார். மார்ச்சில் வரும் காசை எதனோடும் சேர்த்துப் பார்க்க முடியாமல் போகும்.

ஒவ்வொரு டீல் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், விற்பனையாளர் ஒரு கேள்வி கேட்கட்டும்: "எங்கள முதல்ல எங்க கேள்விப்பட்டீங்க?" பதிலை அவர் சொன்ன சொல்லிலேயே `deals` ஷீட்டின் கடைசிக் கொலத்தில் எழுதுங்கள். பதிவேடு லிங்க்ட்இன் என்று காட்டும், வாடிக்கையாளர் "கொட்பேயில ஒருத்தர் சொன்னார்" என்பார். இரண்டையும் அப்படியே வையுங்கள், ஒன்றை வைத்து மற்றதைத் திருத்தாதீர்கள். அப்படி இருபது முப்பது பதில் சேர்ந்தபின் அந்தக் கொலத்தை மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒரே ஆளின் பெயரோ ஒரே ஐஸ் பெக்டரியின் பெயரோ திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த ஒக்டோபரில் விளம்பரக் காசில் ஒரு பங்கை எடுத்து, அந்த இடத்தில் நீங்கள் பூட்டிய குளிர் அறையை மற்றவர்கள் வந்து பார்க்க ஒரு நாள் ஒழுங்கு செய்யுங்கள். வந்தவர்களின் பெயரையும் `touch` ஷீட்டில் எழுதுங்கள், புள்ளி 5.